எனக்குப் பின்னால் வந்தவரை ஏன் முன்னால் கூப்பிடுகிறார்கள்? வங்கி டோக்கன் நகரும் விதம்

“என் டோக்கன் A047. எனக்கு அப்புறம் வந்தவர் B019, அவருக்கும் அப்புறம் வந்த பெரியவர் S008. ரெண்டு பேரையும் எனக்கு முன்னாடி கூப்பிட்டுட்டாங்க. கேஷியர் இஷ்டத்துக்குக் கூப்பிடறாரா? எங்க அம்மாவுக்கு 74 வயசு, அவங்களுக்கு அந்த முன்னுரிமை எப்படிக் கிடைக்கும்? ஆஸ்பத்திரி அவசரம்னா என்ன பண்றது?”

பெரும்பாலும் கேஷியர் இஷ்டம் இல்லை. அவர் ‘நெக்ஸ்ட்’ பட்டனை அழுத்துகிறார், அடுத்து யார் என்பதை மெஷின் முடிவு செய்கிறது. அந்த மெஷினுக்கு யாரோ ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து விதி எழுதிக் கொடுத்திருப்பார். அந்த விதி சரியாக இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் நிஜமான கேள்வி. நான் பொதுத்துறை வங்கியில் பல வருஷம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன். பிறகு சர்வீஸ் மேனேஜராக இருந்தபோது இந்த மெஷினின் செட்டிங்கை மாற்றியும் இருக்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததைச் சொல்கிறேன்.

டோக்கன் என்ற சொல் வங்கிக்குள் வந்தது வரிசைக்காக இல்லை. பித்தளை டோக்கன் காலத்தில் செக்கை முதல் கவுண்டரில் கொடுத்துவிடுவீர்கள். கிளார்க் அதை வாங்கிக்கொண்டு நம்பர் பொறித்த பித்தளை வில்லையைத் தருவார், அந்த நம்பரைச் செக்கிலும் எழுதுவார். செக் லெட்ஜருக்குப் போய், கையெழுத்து சரிபார்க்க ஆபீசரிடம் போய், பாஸ் ஆகி, கடைசியில் கேஷியரிடம் வரும். அவர் நம்பரைக் கூப்பிட்டு, “எவ்வளவு?” என்று கேட்டு, செக்கின் பின்பக்கம் கையெழுத்து வாங்கி, வில்லையைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பார். செக் உங்கள் கையை விட்டுப் போனபின் பணம் உங்களுக்குத்தான் என்பதற்கு அந்த வில்லைதான் சாட்சி. அதனால்தான் அது தொலைந்தால் உடனே சொல்லச் சொன்னார்கள், எழுதி வாங்கினார்கள். எந்த செக் முதலில் பாஸ் ஆகி வருகிறதோ அந்த நம்பர்தான் முதலில் கூப்பிடப்படும். 12-க்கு முன்னால் 15-ஐக் கூப்பிடுவது அன்றும் சாதாரணம்.

கம்ப்யூட்டர் வந்து, ஒரே கவுண்டரில் கணக்கைப் பார்த்து, பதிந்து, பணமும் கொடுக்கலாம் என்று ஆனபின் பித்தளை வில்லைக்கு வேலை போய்விட்டது. இப்போது உங்கள் கையில் இருக்கும் வெப்பக் காகிதச் சீட்டு பணத்துக்குச் சாட்சி இல்லை, நிற்கும் இடத்துக்கு மட்டும்தான். தொலைந்தாலும் ஒரு நஷ்டமும் இல்லை, நம்பர் ஞாபகம் இருந்தால் போதும். ஆனால் அதில் அச்சாகியிருக்கும் நேரம் முக்கியம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது A047-க்கு வருவோம். நம்பருக்கு முன்னால் இருக்கும் எழுத்துதான் நீங்கள் நிற்கும் வரிசை. மெஷினின் திரையில் எதைத் தொட்டீர்களோ அதை வைத்து எழுத்து வரும். கிளைக்குக் கிளை மாறும் என்றாலும், பணம் கட்ட, எடுக்க ஒரு எழுத்து, பாஸ்புக், கேஒய்சி, புதுக் கணக்கு போன்றவற்றுக்கு ஒன்று, மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒன்று என்றுதான் பெரும்பாலும் வைப்பார்கள். A-வும் B-யும் வெவ்வேறு வரிசை. B019-ஐ உங்களுக்கு முன் கூப்பிட்டதால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை, அவர் போனது வேறு கவுண்டருக்கு, வேறு வேலைக்கு. இந்த ஒரு விஷயம் புரியாமல் ஹாலில் நடந்த சண்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய திரையில் எல்லா எழுத்தும் கலந்து ஓடும்போது தன்னைத் தாண்டிவிட்டார்கள் என்று யாருக்குமே தோன்றும்.

S008 கதை வேறு. அவர் உங்கள் கவுண்டருக்கே வந்தார், உங்களுக்கு முன்னால் வந்தார். இங்கேதான் விதி வேலை செய்கிறது.

ஒவ்வொரு கவுண்டருக்கும் எந்தெந்த எழுத்தை எடுக்கலாம், எதை முதலில் எடுக்க வேண்டும் என்று மெஷினில் பதிவு இருக்கும். கேஷ் கவுண்டர் 2-க்கு ‘S, பிறகு A’ என்று வைத்திருந்தால், நெக்ஸ்ட் அழுத்தும்போதெல்லாம் மெஷின் முதலில் S வரிசையைப் பார்க்கும். அங்கே ஒருவராவது இருந்தால் அவரைத்தான் கூப்பிடும். இதை முழு முன்னுரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை விகிதம்: இரண்டு S போனால் ஒரு A, அல்லது ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது முறையில் காத்திருந்த நேரமும் கணக்கில் வரும்: A டோக்கன் குறிப்பிட்ட நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தால் S-க்கு இணையாக ஏறிவிடும்.

முழு முன்னுரிமைதான் கேட்க நன்றாக இருக்கும், பெரியவர்களுக்கு முதலிடம் கொடுப்பதில் என்ன தப்பு என்று தோன்றும். சாதாரண நாளில், 10 பேரில் 2 பேர் பெரியவர்கள் என்றால் ஒரு தப்பும் இல்லை. பென்ஷன் ஏறும் மாத ஆரம்பத்தில்தான் அது உடையும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். காலை 10 மணி, இரண்டு கேஷ் கவுண்டர், ஒருவருக்கு 4 நிமிஷம். ஹாலில் 12 பெரியவர்கள், 8 மற்றவர்கள். முழு முன்னுரிமை என்றால் அந்த 12 பேர் முடிய 10.24 ஆகும். அதற்குள் இன்னும் 6 பெரியவர்கள் வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் முடிய 10.36. அந்த 12 நிமிஷத்தில் மேலும் 3 பெரியவர்கள் வந்திருப்பார்கள். அதன்பின் ஒருவர்கூட வரவில்லை என்றாலும், A வரிசையின் முதல் ஆளைக் கூப்பிடும்போது மணி 10.40. முதல் ஆள் என்பதைக் கவனியுங்கள். 10 மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே வந்தவருக்கு 40 நிமிஷம்.

இதையே ‘இரண்டு S, ஒரு A’ என்று மாற்றினால் அதே முதல் ஆளை 10.04-க்குக் கூப்பிட்டுவிடலாம். அதற்குப் பெரியவர்கள் கொடுக்கும் விலை எவ்வளவு? முதல் 12 பேரில் கடைசிப் பெரியவரை முன்பு 10.20-க்குக் கூப்பிட்டிருப்போம், இப்போது 10.32. அவருக்கு 12 நிமிஷம் கூடுகிறது, A வரிசையின் முதல் ஆளுக்கு 36 நிமிஷம் குறைகிறது. அந்த 12 நிமிஷத்தை நாற்காலியும் மின்விசிறியும் தாங்கிக்கொள்ளும். நான் விகிதத்தின் பக்கம்தான்.

இது எனக்குப் படித்துத் தெரிந்ததில்லை. நான் வேலை பார்த்த ஒரு கிளையில் மெஷினைப் பொருத்த வந்தவர்கள் முழு முன்னுரிமையில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, நானும்தான். மாதத்தின் 2-ஆம் தேதி, மடியில் குழந்தையோடு ஒரு பெண் நூறு நாள் வேலைக் கூலியை எடுக்க வந்து A013 சீட்டோடு உட்கார்ந்திருந்தார். திரையில் S031, S032, S033 என்று ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தை அழுதபோது எழுந்து வெளியே போனார், திரும்ப வந்தார், மறுபடி போனார். நான் கவனித்து எழுந்து வந்தபோது நாற்காலியில் சீட்டு மட்டும் இருந்தது. அச்சாகியிருந்த நேரம் 10.09. மணி அப்போது 11.30 தாண்டியிருந்தது. அன்று மாலை செட்டிங்கைத் திறந்து பார்த்தபோதுதான் விதியைக் கண்டுபிடித்தோம். மறுநாள் அதை மாற்றினோம். அந்தப் பெண்ணை அடுத்த வாரம்தான் பார்த்தேன், அவருக்கு ஒரு நாள் கூலி போயிருந்தது.

உங்கள் கிளையில் எந்த விதி என்று வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பத்து அழைப்புகளை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு S-க்கு ஒரு A என்று சீராக வந்தால் விகிதம். S தீரும்வரை A அசையவே இல்லை என்றால் முழு முன்னுரிமை. அப்படி இருந்தால் சர்வீஸ் மேனேஜரிடம் போய், “விகிதம் வைக்க முடியுமா?” என்று கேளுங்கள். “லேட் பண்றீங்க” என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். விதியைச் சொல்லிக் கேட்டால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கேஷியரின் கையில் எதுவுமே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. நெக்ஸ்ட் தவிர, திரும்பக் கூப்பிடும் பட்டன், வரவில்லை என்று தள்ளும் பட்டன், வேறு கவுண்டருக்கு மாற்றும் பட்டன், நம்பரை அடித்துக் குறிப்பிட்ட ஒருவரைக் கூப்பிடும் வசதி ஆகியவை வழக்கமாக இருக்கும். இரண்டு தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் தள்ளிவிடுவார்கள். நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அப்படி நடந்தால் புதுச் சீட்டு எடுக்காதீர்கள். பழைய நம்பர் தவறிய பட்டியலில்தான் இருக்கும். ஒருவர் முடித்து எழும் இடைவெளியில் கவுண்டருக்குப் போய் நம்பரைச் சொன்னால் அடித்துக் கூப்பிட்டுவிடலாம். புதுச் சீட்டு எடுத்தால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள், அந்தப் பழைய நம்பரும் ஹாலில் பேயாக நிற்கும். ஒருவரே இரண்டு மூன்று எழுத்தில் சீட்டு எடுத்து, எது முதலில் வருகிறதோ அதில் போய்விடுவது இன்னும் மோசம். ஆளில்லாத ஒவ்வொரு நம்பரையும் இரண்டு தடவை கூப்பிட்டுக் காத்திருக்க அரை நிமிஷமாவது ஆகும். 20 பேய் நம்பர் என்றால் 10 நிமிஷம் யாருக்கும் பயனில்லாமல் போகிறது.

கவுண்டரில் கேஷியர் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் யாரையும் கூப்பிடவே இல்லை என்று கோபம் வரும் நேரம் ஒன்று உண்டு. பெரும்பாலும் கேஷியர் தன் வரம்புக்கு மேற்பட்ட தொகையை ஆபீசரின் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார், அல்லது முந்தைய ஆள் கட்டிய நோட்டை வகை பிரித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். அதை முடிக்காமல் அடுத்தவரின் பணத்தைத் தொட்டால் இரண்டும் கலந்துவிடும். சாயங்காலம் கணக்கு இடித்தால் அவர் கைக்காசு போகும். ஆகவே அந்த இடைவெளி தேவையான இடைவெளி. எதிர்ப்பக்கமாகவும் ஒன்று நடக்கும்: முன்னவர் இன்னும் பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அடுத்த நம்பர் திரையில் விழும், நீங்கள் ஓடிப்போய் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பீர்கள். சீட்டு அச்சான நேரத்திலிருந்து நம்பர் கூப்பிட்ட நேரம்வரை உள்ளதைத்தான் மெஷின் காத்திருப்பு என்று கணக்கெடுக்கிறது. முன்கூட்டியே அழுத்தினால் அறிக்கையில் காத்திருப்பு குறைந்து தெரியும், வாசலில் நிற்பவருக்கு ஒன்றும் குறையாது. இதை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை. முன்னவர் தன் பணத்தை நிம்மதியாக எண்ணிப் பார்க்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கக் கூடாது.

அம்மாவுக்கு 74 வயசு என்றீர்கள். 60 வயது ஆனாலே மூத்த குடிமக்கள்தான். ரிசர்வ் வங்கி 2017 நவம்பர் 9 அன்று வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், மூத்த குடிமக்களுக்கும் பார்வையற்றோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக் கவுண்டர் அல்லது அவர்களுக்கு முன்னுரிமை தரும் கவுண்டர், பார்த்தால் தெரியும்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ‘அல்லது’ என்பதைக் கவனியுங்கள். தனிக் கவுண்டர் இல்லை என்பது குறையாகாது. முன்னுரிமை தரும் கவுண்டர் எது என்று தெரியாமல் இருப்பதுதான் குறை. மெஷினில் S வரிசை இல்லாத கிளையிலும் இந்த உரிமை உண்டு. அங்கே ‘மே ஐ ஹெல்ப் யூ’ மேசையில் சொன்னால் அவர்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சில மெஷின்கள் கணக்கு எண்ணையோ மொபைல் நம்பரையோ கேட்டு, பிறந்த தேதியைப் பார்த்துத் தானாகவே S சீட்டு தரும். மற்றவற்றில் நீங்கள்தான் திரையில் மூத்த குடிமக்கள் என்பதைத் தொட வேண்டும். பல பெரியவர்கள் இதைத் தெரியாமல் A சீட்டோடு உட்கார்ந்திருப்பார்கள், சில இடத்தில் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அவசரத்தில் எல்லாருக்கும் A-வையே எடுத்துக் கொடுத்துவிடுவார். கையில் வாங்கியதும் எழுத்தைப் பாருங்கள்.

இந்த முன்னுரிமை ஆளுக்குத்தான், பாஸ்புக்குக்கு இல்லை. அம்மா வீட்டில் இருக்க, அவர் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நீங்கள் S சீட்டு எடுத்தால் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பணம் எடுக்கும் ஸ்லிப்பில் எடுப்பதாக இருந்தால் கணக்குக்காரரே பாஸ்புக்கோடு நேரில் வர வேண்டும். அம்மா உங்கள் பெயருக்கு ஒரு செக் எழுதிக் கொடுத்தால் அவர் வரவே வேண்டாம், A வரிசையில் நின்று நீங்களே வாங்கிவிடலாம். செக் புக் இல்லாவிட்டால் கேட்டு வாங்கி வையுங்கள், அம்மா S வரிசையில் நிற்கும் வேலையே பாதி குறையும். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் தருவது, காசோலை வாங்கிக்கொள்வது, ஆயுள் சான்று வாங்குவது பற்றியும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. உங்கள் கிளைக்கு அந்தச் சேவை உண்டா, கட்டணம் எவ்வளவு என்று ஒரு தடவை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணி, கைக்குழந்தையோடு வந்தவர், காய்ச்சலில் நடுங்குபவர் ஆகியோர் அந்தச் சுற்றறிக்கையில் இல்லை. நல்ல கிளைகளில் அவர்களையும் முன்னால் விடுவார்கள், அது மனசைப் பொறுத்தது. இந்த இடத்தில் ஹாலில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கூப்பிடுவது என் பழக்கம்: “இந்தம்மாவை மட்டும் முதல்ல அனுப்பிடறேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க.” சொல்லிவிட்டுச் செய்தபோது ஒருவரும் எதிர்த்ததில்லை. சொல்லாமல் செய்தபோதுதான் சண்டை வந்தது.

கடைசியாக ஆஸ்பத்திரி. மெஷினில் அவசரம் என்று ஒரு எழுத்து இருக்காது, இருந்தால் எல்லாரும் அதைத்தான் தொடுவார்கள். கேஷியரிடம் போய்க் கெஞ்சாதீர்கள். அவருக்கு முன்னால் இருக்கும் ஆளின் பணத்தில் கவனம் இருக்க வேண்டும், ஹாலில் இருக்கும் மற்றவர்களுக்குப் பதில் சொல்லும் நிலையிலும் அவர் இல்லை. நேராக சர்வீஸ் மேனேஜரிடமோ கிளை மேலாளரிடமோ ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, எவ்வளவு வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லுங்கள். அவர் உங்கள் நம்பரை எடுத்துக் கூப்பிடச் சொல்வார். பெரிய தொகை என்றால் எப்படியும் அவர் ஒப்புதல் வேண்டியிருக்கும், அந்த நேரமும் மிச்சம். அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: ஆஸ்பத்திரிக்கு நோட்டாகவே வேண்டுமா? நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் 24 மணி நேரமும் வேலை செய்கின்றன. ஆஸ்பத்திரியின் கணக்கு எண்ணை பில்லிங் கவுண்டரில் கேட்டு வாங்கினால், மொபைலிலிருந்தே அனுப்பிவிடலாம்.

படுத்திருப்பவரே கணக்குக்காரர் என்றால் வரிசையில் முன்னால் போய்ப் பயனில்லை. ஸ்லிப்பில் அவர் கையெழுத்தும் இருக்காது, அவரும் வர முடியாது. இதற்கு ரிசர்வ் வங்கி சொன்ன வழி தனியாக இருக்கிறது. கையெழுத்துப் போட முடியாதவர் கை அல்லது கால் பெருவிரல் ரேகை வைக்கலாம், அதை இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி. ரேகையும் வைக்க முடியாவிட்டால் ஏதாவது ஒரு குறி போட்டாலும் போதும், சாட்சி அதே முறையில். பணத்தை யார் வாங்குவது என்பதையும் அவர் சொல்ல வேண்டும், அந்த ஆளையும் சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அதாவது அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஆகவே ஓடி வந்து டோக்கன் எடுத்து உட்காராமல், காலையிலேயே மேலாளரைப் பார்த்து, “அப்பா இந்த வார்டில் இருக்கார், ரேகை வாங்க யாரை அனுப்புவீங்க?” என்று கேளுங்கள். நினைவே இல்லாமல் இருப்பவரிடம் இதுவும் நடக்காது. அம்மாவின் கணக்கில் உங்களையும் ‘இருவரில் யாரேனும் அல்லது உயிருடன் இருப்பவர்’ முறையில் சேர்த்துவிட்டால் அந்த நிலைமை வராது.

சீட்டின் நேரத்துக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் அதைக் கசக்கிப் போடாதீர்கள். கவுண்டரை விட்டுப் புறப்பட்ட மணியை அதன் பின்னாலேயே எழுதி, செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பக் காகிதம் நாளடைவில் வெளுத்துவிடும். அம்மாவை முன்னுரிமை இல்லாமல் உட்கார வைத்தார்கள் என்றால் இந்தப் போட்டோவோடு கிளை மேலாளருக்கு எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மனுக்குப் போகலாம். முதலில் கிளைக்கு எழுதாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.